கொக்கியா, எடுப்பா? ஒரு முதல் வரிக்குப் பெயர் தேடி

மல்லிகா, நாகலூர்:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். பொடி அரைத்து இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். படத்துக்குக் கீழே எவ்வளவு எழுதினாலும் இரண்டு வரிதான் கண்ணுக்குத் தெரிகிறது. மீதி 'more' என்ற சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவரை நிறுத்த வேண்டிய அந்த முதல் வரியை ஆங்கிலத்தில் ஹூக் என்கிறார்கள். அடுத்த மாதம் எங்கள் மகளிர் குழுவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். கொக்கி என்றேன், சிரிக்கிறார்கள். நல்ல சொல் வேண்டும்.

கேட்பதற்கு எனக்குக் காரணம் உண்டு. போன மாதம் நான் எழுதியது இது: "எங்கள் ஏற்காட்டுக் காப்பிப் பொடியில் சிக்கரி கலந்து விற்கிறோம் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பாதீர்கள்." வெட்டு விழுந்த இடம் 'விற்கிறோம்'. வழக்கமாக வாங்கும் மூன்று பேர், எப்போதிலிருந்து சிக்கரி கலக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

பழனிவேல், அழகாபுரம்:

அம்மா, கொக்கி கறிக்கடையை நினைவூட்டும். 'தூண்டில் வரி' என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சிக்கலுக்கு விடை எளிது. 125 எழுத்து வரை தெரியும் என்று படித்திருக்கிறேன். எண்ணி எழுதினால் போதும். முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவன், எழுத்து எண்ணுவது எனக்குப் புதிதல்ல.

ஷாகுல், செவ்வாய்ப்பேட்டை:

ஐயா, அந்த 125 ஆங்கிலக்காரர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொள்ளும் உத்தேசக் கணக்கு. கொலுசுக் கடைகளுக்கு நான் தினமும் இந்தக் குறிப்புகளை எழுதித் தருகிறேன், அதை நம்பி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். நீங்கள் 'சேலம்' என்பதை மூன்று எழுத்தாக எண்ணுவீர்கள். கணினி, கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாகச் சேர்த்து ஐந்து என்று எண்ணும். ஆனால் வெட்டு விழுவது எழுத்தை எண்ணி அல்ல, திரையில் வரி நிறைவதைப் பார்த்து. 'ண'வும் 'ணை'யும் அகலமானவை. ஆங்கிலத்தில் ஒரு வரி பிடிக்கும் இடத்தில் நம்முடையது ஒன்றேகால் வரி கேட்கும். படிப்பவர் கண் மங்கி எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் இன்னும் முன்னாலேயே வெட்டு விழும்.

இன்னொன்று, மல்லிகா அக்கா. குறிப்புக்கு முன்னால் உங்கள் கணக்கின் பெயர் தடித்த எழுத்தில் அதே வரியில் நிற்கிறது. தோட்டத்தின் பெயர், ஊர், காப்பி எல்லாவற்றையும் ஒட்டி நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். முதல் வரியில் பாதி அதற்கே போய்விடுகிறது.

ஆனால் சிக்கரி விஷயத்தில் நீளத்தைவிடப் பெரிய குற்றவாளி நம் மொழியின் அமைப்பு. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வரும். 'என்று', 'என்பதை' போட்டு நீட்டினால், வெட்டுக்கு முன்னால் நிற்பது நீங்கள் மறுக்க வந்த பொய்யாக இருக்கும். அதனால் வெட்டுக்கு முன்னால் ஒரு வாக்கியம் முற்றாக முடிந்துவிட வேண்டும். வினையே இல்லாமல் பெயரில் முடியும் வாக்கியம் இன்னும் நல்லது, மிகச் சிறியதாக அமையும்.

"எங்கள் பொடியில் சிக்கரி இல்லை" என்று தொடங்கியிருக்கலாம். ஆனால் நானாக இருந்தால் அதையும் எழுதமாட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டிராதவர்களுக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பது போலாகும்.

சண்முகம், அஸ்தம்பட்டி:

எனக்கும் இதே தொல்லைதான். மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டால் இலையின் ஓரத்தில் அப்பளம் வெட்டுப்பட்டுப் போகிறது. படத்தைச் சதுரமாக எடுக்க வேண்டுமா?

ஷாகுல்:

சண்முகம் அண்ணே, அது படத்தின் வெட்டு. இது எழுத்தின் வெட்டு. ஆனாலும் நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் எழுத்து படத்துக்குக் கீழே வருகிறது. ஓடுகிற விரலை முதலில் நிறுத்துவது உங்கள் அப்பளம்தான், நின்றவரைப் பிடித்து வைப்பதே வரியின் வேலை. பேஸ்புக்கில் எழுத்து படத்துக்கு மேலே இருப்பதால் அங்கே நிறுத்துவதும் வரியின் வேலையாகிவிடுகிறது. ஆகவே 'நிறுத்து வரி' என்று பெயர் வைத்தால் பாதி இடத்தில்தான் பொருந்தும்.

கோமதி, சூரமங்கலம்:

பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவள் நான். தமிழிசையில் பல்லவியை எடுப்பு என்போம், அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு. 'எடுப்பான மூக்கு' என்று சொல்கிறோமே, பார்த்ததும் தெரிவது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. தூண்டில் என்றால் எதிரே இருப்பவர் மீனாகிவிடுகிறார், வாங்க வருகிறவரை அப்படி நினைக்க எனக்கு மனம் வரவில்லை. 'எடுப்பு வரி' என்று சொல்லலாமா?

பழனிவேல்:

கோமதி அம்மா, சொல் அழகுதான். ஆனால் என் வயதுக்காரர்கள் காதில் 'எடுப்பு' விழுந்தால் நினைவுக்கு வருவது பழைய எடுப்புக் கக்கூஸ். தொடுப்பு என்றால் ஊரில் வேறு பொருள், அதை இங்கே எழுதமாட்டேன்.

சண்முகம்:

எங்கள் கடை வாசலில் 'எடுப்புச் சாப்பாடு' என்று பலகையே மாட்டியிருக்கிறேன் ஐயா. இதுவரை யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனதில்லை.

மல்லிகா:

ஒன்பது நாள் முன்னால் இங்கே காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்தது. நேற்றுக் காலை தோட்டம் முழுக்க வெள்ளை, மல்லிகைப் பூ போல வாசம். ஷாகுல் தம்பி சொன்னதை வைத்து நான்கு முறை எழுதி அடித்தேன். முதலில் எழுதியது: "இயற்கை எழில் கொஞ்சும் ஏற்காடு மலையின் குளிர்ந்த சூழலில் அமைந்துள்ள எங்கள் தோட்டத்தில்…" வெட்டு விழும்வரை ஒன்றுமே நடக்கவில்லை. கடைசியில் நின்றது இது:

"காப்பிப் பூவின் ஆயுள் மூன்று நாள். இன்று இரண்டாம் நாள்."

எண்ணிப் பார்த்தேன், 25 எழுத்து, வினைமுற்றே கிடையாது. கணக்கின் பெயரையும் சுருக்கிவிட்டேன். போடுவதற்கு முன் அம்மாவின் பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முழுதாகத் தெரிந்தது. கீழே மழை பெய்த நாளையும், இந்தப் பூ காயாகிப் பழுத்துக் கைக்கு வரக் கார்த்திகை, மார்கழி ஆகும் என்பதையும் எழுதினேன். பொடியின் விலையைக் கடைசி வரியில் வைத்தேன்.

ஷாகுல்:

அக்கா, விலையைக் கடைசியில் வைத்தது சரி. பூவைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டு இரண்டாம் வரியிலேயே விலைப்பட்டியலை நீட்டினால், திறந்தவர் அடுத்த முறை திறக்கமாட்டார். எடுப்புக்குத் தொடுப்பு அதே ராகத்தில் இருக்க வேண்டும் என்று கோமதி அம்மா சொல்வார்கள். ஒரு குறை மட்டும். நாளை மறுநாள் பார்க்கிறவருக்கு 'இன்று' பொய்யாகிவிடும். தேதி போட்டால் வரி நீளும், என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

கோமதி:

'இன்று' இருக்கட்டும். வாடிய பிறகு பார்ப்பவருக்குத் தவறவிட்டோம் என்று தோன்றும், அதுவும் நல்லதுதான்.

பழனிவேல்:

குழுவுக்கு எடுப்பு என்றே சொல்லிக்கொடுங்கள் அம்மா. இளையவர்களுக்கு அந்தக் கக்கூஸ் தெரியாது. தூண்டிலை நான் இன்னும் கைவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டு விழும் இடத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே? 'மடிப்பு' எப்படி? நாளிதழை மடித்துப் போட்டால் மேல் பாதிதானே வெளியே தெரியும்.

சண்முகம்:

சேலையில்தான் மடிப்பு. 'வெட்டு' என்றே இருக்கட்டும் ஐயா. நாம் இவ்வளவு நேரமும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.