மட்டைக் குவியலில் பார்த்த பாம்பு: கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா? படம் பார்த்துச் சொல்லுங்க

தோப்புக்காரன், பெருந்துறை பக்கம்
வணக்கமுங்க. நேற்று ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், மோட்டார் ரூம் ஓரமாகக் கொட்டி வைத்திருக்கும் தேங்காய் மட்டைக் குவியலில் எடுத்த படம் இது. கருப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைக் கட்டு. தலை மட்டைக்கு அடியில் போய்விட்டது, நடு உடம்பும் வாலும்தான் தெரிகிறது. பளபளவென்று எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. அப்பா கட்டுவிரியன் என்கிறார். சித்தப்பா, இது பல்லி தின்கிற பாம்பு, ஒன்றும் செய்யாது, விடு என்கிறார். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் போடுவதற்காக அப்பா சாளையில் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார், அதனால்தான் கேட்கிறேன். படத்தைப் பார்த்து யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

சென்னிமலை வாசி
தம்பி, இதற்கு ஒரே கணக்குதான். தலை முக்கோணமாக இருந்தால் விஷம், நீளமாக உருண்டையாக இருந்தால் விஷமில்லை. அப்புறம் கட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். கழுத்திலேயே ஆரம்பித்தால் விஷமில்லாத சாது வகை, வால் பக்கம் கட்டு பளிச்சென்று இருந்தால் கட்டுவிரியன். ஒரு வேளை கடித்துவிட்டால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு உடனே ஓடுங்கள்.

கோபி பாம்பு மீட்பு
மேலே அண்ணன் சொன்னதில் பாதி சரி, பாதியை நம்பினால் உயிர் போகும். கட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பது நல்ல அடையாளம். முக்கோணத் தலை என்பதை மறந்துவிடுங்கள். கட்டுவிரியனுக்குத் தலை உருண்டைதான், கழுத்துக்கும் தலைக்கும் வித்தியாசமே தெரியாது, நாகத்துக்கும் முக்கோணம் கிடையாது. நம் ஊரில் அதிகம் ஆளைக் கொல்லும் நாலில் இரண்டு அந்தக் கணக்கில் தப்பிவிடும். கயிறு கட்டுவதும் வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

தோப்புக்காரர் படத்துக்கு வருவோம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் பழுப்பு நிறமும் கருப்பாகத்தான் தெரியும், அதனால் நிறத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். வாலைப் பார்க்கிறேன். ஓநாய்ப் பாம்புக்கு (உங்கள் சித்தப்பா சொல்லும் பல்லி தின்னி அதுதான்) கழுத்தை ஒட்டி முதல் கட்டு அகலமாக, சட்டைக் காலர் மாதிரி விழும், பின்னால் போகப் போக மங்கி வால் பக்கம் காணாமலே போய்விடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. முன்பக்கம் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குகூடக் கட்டே தெரியாது, இல்லை வெள்ளைப் புள்ளியாக விட்டு விட்டு இருக்கும், அப்புறம் மெல்லிசான கட்டுகள் இரண்டு இரண்டு ஜோடியாக வந்து வால் வரைக்கும் தெளிவாகப் போகும். உங்கள் படத்தில் வால் பக்கம் கட்டு சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது, அதுவும் ஜோடியாக. எனக்கு இது பிடிக்கவில்லை.

ஆனால் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. கழுத்துப் பக்கம் தெரிகிற மாதிரி வேறு படம், வீடியோ எதுவும் இருக்கிறதா? அதற்காகத் திரும்பப் போய்க் குவியலைக் கிளற வேண்டாம், குச்சியாலும் வேண்டாம். எடுத்தது இருந்தால் மட்டும் போடுங்கள். அதுவரை அப்பா சாளையில் தரையில் படுக்க வேண்டாம்.

பல்லடம் கோழிப்பண்ணை
எங்கள் பண்ணையிலும் போன வாரம் இதே மாதிரிதான், தடியாக, பழுப்பாக, முதுகில் வட்ட வட்டமாகச் சங்கிலி போல, தீவன மூட்டைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. மண்ணுளி என்று சொல்லி பையன் சாக்கில் தள்ளிக் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட்டான். மண்ணுளிதானே? அதையும் சொல்லிவிடுங்கள்.

கோபி பாம்பு மீட்பு
அண்ணா, இது வேறு பாம்பு, வேறு கேள்வி. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. சங்கிலி மாதிரி வட்டம் வட்டமாக மூன்று வரிசை ஒழுங்காக ஓடியிருந்தால் அது கண்ணாடி விரியன். மண்ணுளிக்கு வட்டமெல்லாம் ஒழுங்காக இராது, திட்டுத் திட்டாகக் கலைந்திருக்கும், வால் ரொம்பக் குட்டையாக இருக்கும். தொந்தரவு செய்தால் குக்கர் விசில் மாதிரி நீளமாகச் சீறுவது கண்ணாடி விரியன். இரண்டையும் குழப்பிக் கையில் தூக்கியவர்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். பையனிடம் சொல்லுங்கள், இனிமேல் மண்ணுளி என்று தோன்றினாலும் தொட வேண்டாம். படம் இருந்தால் தனியாகப் போடுங்கள்.

தோப்புக்காரன், பெருந்துறை பக்கம்
அண்ணா, என் தங்கை போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. அதிலிருந்து நிறுத்தி எடுத்த படம் இரண்டு. முதலாவதில் தலை தெரிகிறது, கொஞ்சம் மங்கல். பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் ஒன்று கிடக்கிறது.

கோபி பாம்பு மீட்பு
தங்கைக்கு நன்றி சொல்லுங்கள், நல்ல வேளை கல் பக்கத்தில் கிடந்தது. அந்தக் கல் 16 அங்குலம். பாம்பு நீட்டின உடம்பு கல்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது, வளைவையும் சேர்த்தால் மூன்றடி. ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் ஒன்றரை அடி, பெரியது இரண்டடியைத் தாண்டும், மூன்றடி அபூர்வம்.

அடுத்தது கழுத்து. தலையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கட்டே இல்லை, வெறும் கருப்பு. அதற்குப் பின்னால் ஒற்றை ஒற்றையாக மெல்லிய புள்ளி வரிசை, அதற்கும் பின்னால் ஜோடிக் கட்டு. தலையும் உடம்பும் ஒரே தடிமன், மூக்கு மழுங்கல். ஓநாய்ப் பாம்பின் தலை தட்டையாக, முன்னால் கொஞ்சம் கூராக, கழுத்து ஒடுங்கி இருக்கும்.

கடைசியாக முதுகு. இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி நடு முதுகைப் பாருங்கள், முதுகெலும்பு மேலே ஒரு வரிசைச் செதில் மட்டும் பக்கத்துச் செதிலைவிட அகலமாக, தேன்கூட்டு அறை மாதிரி ஆறு மூலையாகத் தெரிகிறது. ஓநாய்ப் பாம்புக்கு எல்லாச் செதிலும் ஒரே அளவு. நிறம், கட்டு எல்லாம் ஏமாற்றும், குட்டிக் கட்டுவிரியனுக்குக் கழுத்து வரை கட்டு இருக்கும், கிழட்டுக் கட்டுவிரியனில் கட்டே அழிந்து போனதையும் பார்த்திருக்கிறேன். இந்த முதுகுச் செதில் ஏமாற்றாது, ஆனால் படம் தெளிவாக இருந்தால்தான் தெரியும். உங்கள் படத்தில் தெரிகிறது. அப்பா சொன்னதுதான் சரி, இது கட்டுவிரியன்.

தோப்புக்காரன், பெருந்துறை பக்கம்
கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது. இப்போது அந்தக் குவியலை என்ன செய்வது? சித்தப்பா டீசல் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்கிறார்.

சென்னிமலை வாசி
சுற்றி சிறியாநங்கை நட்டுவிடுங்கள், வாசனைக்கு எந்தப் பாம்பும் கிட்டே வராது. எங்கள் வீட்டில் ஐந்து வருஷமாக ஒன்றும் வந்ததில்லை.

கோபி பாம்பு மீட்பு
சிறியாநங்கைப் பாத்திக்குள்ளேயே சாரை படுத்திருந்ததை நான் பிடித்திருக்கிறேன், அதை நம்பிப் படுக்க வேண்டாம். டீசல் வேண்டவே வேண்டாம், மோட்டார் ரூம் பக்கத்திலேயே இருக்கிறது, பாம்பும் சூடு பட்டால் நேராக சாளைக்குள்தான் வரும். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள், இல்லை பழகின ஆள் யாராவது வரட்டும். பகலில், பூட்ஸ் போட்டு, நீள மண்வெட்டியால் ஓரத்திலிருந்து மட்டையை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். கட்டுவிரியன் பகலில் மந்தமாகச் சுருண்டு தலையை உடம்புக்குள் மறைத்துக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு இது சாது என்று தொட்டவர்கள் உண்டு. ராத்திரியில் அது வேறு பாம்பு.

அதைவிட முக்கியம் அப்பா படுக்கை. கட்டுவிரியன் எலி, பல்லி, மற்ற பாம்பு எல்லாம் தேடி ராத்திரியில் வீட்டுக்குள் வரும். தூக்கத்தில் புரண்டு அதன் மேல் விழும்போதுதான் கடி. கட்டில் போடுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் செருகுங்கள், தொங்க விட்டால் பிரயோஜனமில்லை. மோட்டார் போட எழுந்திருக்கும்போது காலை வைப்பதற்கு முன்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈரோடு மாவட்டம், செவிலியர்
ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து நானும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எங்களிடம் ஒருவர் அதிகாலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று வந்தார், முந்தின நாள் இரவு தரையில் படுத்திருந்தார். அல்சர் என்று நினைத்து ஊசி போட்டு அனுப்ப இருந்தோம். பெயர் எழுதும்போது நிமிர்ந்து பாருங்கள் என்றேன், இமை பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்கவும் கஷ்டம் என்றார். விஷமுறிவு மருந்து போட்டு மூச்சுக் கருவியில் வைத்து ஐந்து நாள் கழித்துத் தேறினார். அவர் பிறகு சொன்னதுதான் எனக்கு மறக்காது: கண்ணைத் திறக்க முடியவில்லையே தவிர, நாங்கள் கட்டிலைச் சுற்றிப் பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கிறது.

தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, தொண்டை அடைப்பு, இமை கனம் என்றால், கடித்ததே தெரியாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கடி பட்ட கை கால் அசையாமல் மட்டையோ அட்டையோ வைத்துக் கட்டிப் படுக்க வைத்துக் கொண்டு வாருங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டை அவிழ்க்கும்போது விஷம் ஒரேயடியாக ஏறும், கை கால் அழுகவும் செய்யும். வெட்ட வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். பாம்பைக் கொன்று கொண்டுவரவும் வேண்டாம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் நம்மிடம் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடித்தால் இரத்தம் உறையும் சோதனை சரியாகவே வரும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

சென்னிமலை வாசி
கயிறு கட்டுகிற விஷயம் எனக்குத் தெரியாதுங்க அம்மிணி, எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் செய்தோம். இனி சொல்ல மாட்டேன்.

தோப்புக்காரன், பெருந்துறை பக்கம்
இன்று காலை ஆள் வந்து மட்டையை எல்லாம் இழுத்துப் போட்டார். பாம்பு இல்லை. குவியலுக்கு அடியில் எலி வளை இரண்டு, சுவரை ஒட்டி உரித்த சட்டை ஒன்று, நுனி கிழிந்தது. சட்டையின் நடு வரிசைச் செதிலை வெயிலில் தூக்கிப் பார்த்தேன், அந்த ஆறு மூலை அப்படியே தெரிகிறது அண்ணா. ஆனால் அது நேற்றுப் பார்த்த பாம்பு உரித்ததா, இன்னொன்றா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. வளையை அடைத்துவிட்டோம், மட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியாகிவிட்டது. அப்பாவுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறேன், கொசுவலைக்குள் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். ஃபேன் இல்லாத சாளையில் இதற்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்க.