புதுப்பிப்பு: நெல் மில் கணினியின் திரை அளவு

முன்பு கேட்ட கேள்வி: "மானிட்டரைக் கழற்றிவிட்டு, தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் விஎன்சியில் நுழைந்தால் 1024×768-க்கு மேல் போகவே மாட்டேங்குது, ஏன்?"

மன்னார்குடி மில்லில் மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் ஹெச்டிஎம்ஐ டம்மி பிளக் செருகியதும் திரை அளவுப் பட்டியலில் 1920×1080 வந்துவிட்டது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றச் சொன்ன தம்பி பாதி சரி: அளவைத் தீர்மானிப்பது டிரைவர்தான், ஆனால் அதற்குத் தகவல் வேண்டுமே. கும்பகோணம் சர்வீஸ் அண்ணன் பிளக்கைப் பிரித்தே காட்டினார். உள்ளே ஒரு குட்டி மெமரி சிப். மானிட்டர் தன் திரை அளவுகளைச் சொல்லும் இடிஐடி அதில்தான் இருக்கிறது. 19-ஆம் பின்னுக்கு மின்னழுத்தம் போவதால் திரை இருப்பதாகக் கிராபிக்ஸ் கார்டு நம்பி, அதைப் படிக்கிறது.

"எனக்குப் பிளக் இல்லாமலே சரியா வருதே" என்ற திருவாரூர் அக்காவுக்கு: நீங்கள் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பான ஆர்டிபியில் நுழைகிறீர்கள், அது தனக்கென்று ஒரு திரையை உருவாக்கிக்கொள்ளும். விஎன்சி இருக்கிற திரையைத்தான் அனுப்பும்.

4கே பிளக் என்பதால் கரண்ட் போய் வந்தால் சில நேரம் 3840×2160-க்குத் தாவி எழுத்து எறும்பாகிவிடுகிறது. அது இன்னும் பிடிபடவில்லை.