வெயில்ல கெடந்த தேக்கு பெஞ்சும் உரிஞ்சு வந்த பியு-வும்

மாந்தோப்புக்காரன் (காவேரிப்பட்டணம்):
போன வருஷம் மார்ச்ல தோட்டத்து வீட்டு வாசலுக்கு ஆறடில ஒரு தேக்கு பெஞ்சு செஞ்சேங்க. மேல கூரை கெடையாது, காலைல பத்து மணில இருந்து நேர் வெயில். ஆசாரி உள் கதவுக்கு அடிச்சதுல மிச்சமிருந்த பாலியூரித்தேன் பாலிஷ், அதான் பியு, அத மூணு கோட் அடிச்சு குடுத்தாரு, பாக்க கண்ணாடியாட்டம் இருந்துச்சு. அக்டோபர் மழை வந்ததும் பலகை ஓரத்துல வெள்ளை வெள்ளையா பொங்குச்சு, இப்ப ஏப்ரல்ல நகத்துல இழுத்தா சிலுசிலுன்னு உரியுது. கால் நாலும் அடில ஒரு சாண் கறுத்துப் போச்சு. மேல இன்னொரு கோட் அடிச்சா போதுமா?

அரூர் தம்பி:
கோட் பத்தலண்ணே. பியு தான் இருக்கறதுலயே ஸ்ட்ராங், அஞ்சு கோட் அடிங்க. எங்க வீட்டு ஊஞ்சல் 4 வருஷமா அப்டியே மின்னுது.

ஓசூர் மரக்கடை:
தம்பி, உங்க ஊஞ்சல் எங்க தொங்குது? போர்ட்டிகோவுலன்னா அது வேற கணக்கு.
மாந்தோப்பு சார், மேல அடிச்சீங்கன்னா அடில இருக்கறது உரியறப்ப புதுசும் சேர்ந்து வந்துரும். கோட் தெளிவா இருக்கறதால வெயில் அதை தாண்டி மரத்து மேல் தோல்ல விழுந்து அத பொடியாக்கிடுது, பியு பிடிச்சிட்டிருந்ததே அந்த தோல தான், அதான் பிடி போச்சு. உள்ளுக்கு வர்ற பியு கெட்டியா வேற இருக்கும், மரம் மழைல உப்பி வெயில்ல சுருங்கறப்ப கூட வளையாம வெடிக்கும், வெடிப்புல போன தண்ணி வெளிய வராது. கால் கறுத்ததும் அதே கதை தான், தரைல நிக்கற வெட்டு மொனை ஸ்ட்ரா மாதிரி தண்ணிய உறிஞ்சும், அங்க யாரும் ஒழுங்கா கோட் அடிக்கறதில்ல.
வெளிலக்குன்னே வர்ற ரெண்டு டப்பா பியு இருக்கு, ஹார்ட்னர் கலக்கி அடிக்கறது. அது நல்லா தாங்கும், ஆனா போச்சுன்னா மொத்தமும் சுரண்டணும்.

பென்னாகரம் வாசு:
எங்க நிலைக்கதவுல செல் அரிக்குது, எந்த வார்னிஷ் அடிக்கலாம்?

ஓசூர் மரக்கடை:
செல்லுக்கு வார்னிஷ் கேக்காதுங்க, அது உள்ள இருந்து வருது. மருந்து அடிக்கறவங்கள பாருங்க.

பாலக்கோடு அக்கா:
நான் எண்ணெய் கட்சி. ஆனா மொதல்ல நல்லா அடி வாங்கினேன். பச்சை லின்சீட் ஆயில வாங்கி நாலு சேருக்கும் தாராளமா தேய்ச்சு அப்டியே விட்டுட்டேன், பத்து நாளாகியும் பிசுபிசுன்னு, தூசியெல்லாம் ஒட்டி, மழைக்காலத்துல கரும்புள்ளி பூசணம் வேற. அப்றம் தான் தெரிஞ்சுது, பாயில்டு லின்சீட் வாங்கணும், மொத கை டர்பென்டைன் சரிபாதி கலந்து மெல்லிசா தேய்க்கணும், கால் மணி நேரம் கழிச்சு மேல நிக்கறத சுத்தமா துடைச்சு எடுத்துரணும். ஒரு நாள் விட்டு அடுத்த கை, மூணு கை போதும்.
துடைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டுறாதீங்க, தானா சூடேறும், எங்க வீட்ல புகையே வந்துச்சு. விரிச்சு காய வைங்க, இல்ல தண்ணில ஊற வைங்க.

அரூர் தம்பி:
ஆமாண்ணே, ஊஞ்சல் போர்ட்டிகோவுல தான் 😅

மாந்தோப்புக்காரன்:
அக்கா, எண்ணெய் எத்தன மாசத்துக்கு ஒருக்கா?

பாலக்கோடு அக்கா:
நம்ம வெயிலுக்கு நாலஞ்சு மாசம். நான் மாசம் பாக்கறதில்ல, பலகைல ரெண்டு சொட்டு தண்ணி விடுவேன், முத்தா நின்னா இருக்கட்டும், உறிஞ்சி கறுத்தா துணிய எடுப்பேன். சேர் ஒண்ணுக்கு அரை மணி நேரம், சுரண்டற வேலையே இல்ல.

ஓசூர் மரக்கடை:
வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ யாரு செய்வா அக்கா? அதான் நான் வெளிப்புற வார்னிஷ் சொல்லுவேன், வெயில் தடுக்கற மருந்து கலந்து வரும், கொஞ்சம் வளைஞ்சும் குடுக்கும். ஒரு தோட்டத்து பெஞ்சுக்கு அடிச்சேன், வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி 220 உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு ஒரு கோட், அவ்ளோ தான். பளபளப்பு மங்கறப்பவே செய்யணும், வெடிச்சப்றம் போனா சுரண்டற வேலை தான். ஒரு வருஷம் அவங்க விட்டுட்டாங்க, கை வைக்கற கட்டை உரிஞ்சு போச்சு.

மாந்தோப்புக்காரன்:
மூணு நாளா ஸ்கிரேப்பர், அப்றம் 80, 120 உப்புத்தாள்னு தேய்ச்சு பழைய பியு-வ எடுத்துட்டேன், முதுகு போச்சு. பலகைக்கு எண்ணெய் தான், இனி சுரண்ட என்னால ஆகாது. கால கவுத்து போட்டு வெட்டு மொனைல எண்ணெய் குடிக்கற வரைக்கும் விட்டேன், ஒவ்வொண்ணும் நாலு தடவ குடிச்சுது. அடில ரப்பர் வாஷர் வேற அடிச்சிருக்கேன். கறுப்பு பாதி தான் போச்சு, தேய்ச்சும் மீதி அப்டியே நிக்குது.

ஓசூர் மரக்கடை:
ஆணிய சுத்தி இருக்குதா? தேக்குல இரும்பு பட்டு ஈரம் சேர்ந்தா அப்டி கறுக்கும், ஆக்ஸாலிக் ஆசிட்ல போகும், ஆனா எண்ணெய் தேய்க்கறதுக்கு முன்னாடி போட்டிருக்கணும்.

மாந்தோப்புக்காரன்:
ஆணி இல்ல, கால் தான். எண்ணெயும் தேய்ச்சாச்சு.