8.5% வீட்டுக்கடன், 7% எஃப்டி: கையில் இருந்த 5 லட்சத்தை என்ன செய்தேன்

திருச்சிக்காரன்

சீட்டு முடிந்து 5 லட்சம் வந்தது. வீட்டுக்கடன் வட்டி 8.5, எஃப்டி 7. ஒன்றரை சதவீதம்தானே வித்தியாசம், பணம் கையில் இருக்கிற தைரியம் வேண்டும் என்று எஃப்டியில் போட்டேன். வருஷம் முடிந்து ஏறக்குறைய 36,000 வட்டி வந்தது. அப்போதெல்லாம் 40,000 வரைக்கும் வங்கி டிடிஎஸ் பிடிக்காது, நானும் அதோடு வரி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தபோதுதான் ஆடிட்டர் சிரித்தார். நான் பழைய வரிமுறை, 30 சதவீத ஸ்லாப். செஸ்ஸோடு சேர்த்து 11,000க்கு மேல் போய், மிஞ்சியது 25,000கூட இல்லை. அதே 5 லட்சத்துக்கு அந்த வருஷம் கடனில் நான் கட்டிய வட்டி 42,500.

உடனே எஃப்டியை உடைத்துக் கடனில் கட்டினேன். அப்போது பாக்கி 30 லட்சம், 180 தவணை, இஎம்ஐ 29,542. அடுத்த மாதம் பார்த்தால் இஎம்ஐ 24,618 ஆகியிருக்கிறது. ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அப்புறம்தான் கடன் முடிகிற தேதி ஒரு மாதம்கூட நகரவில்லை என்று கவனித்தேன். கிளைக்குப் போய், பழைய இஎம்ஐயே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகு 130 தவணைக்கு இறங்கியது. பணம் கட்டுகிற அன்றைக்கே இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப்புலி

அவசரப்பட்டுவிட்டீர்கள் சார். கடன் வட்டிக்கும் வரிச்சலுகை உண்டே, அதைக் கழித்தால் உங்கள் 8.5 உண்மையில் 5.9தான். இன்னொன்று, வங்கிக்காரன் வட்டியை முதல் சில வருஷத்திலேயே எடுத்துவிடுவான், அதற்கப்புறம் முன்கூட்டிக் கட்டிப் பிரயோஜனமே இல்லை.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தம்பி, சலுகை உண்டு என்பது சரி, ஆனால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வருஷம் 2 லட்சம் வட்டி வரைக்கும்தான். அவர் 30 லட்சத்துக்குக் கட்டிய வட்டி இரண்டரை லட்சம் வரும், 25 லட்சமாகக் குறைந்த பிறகும் இந்த வருஷம் 2 லட்சத்தைத் தாண்டும். அப்படியென்றால் இப்போதைக்கு அவர் அடைத்த பகுதிக்குச் சலுகையே கிடைத்துக்கொண்டிருக்கவில்லை, முழு 8.5ம் அவர் கைப்பணம். பாக்கி இன்னும் இறங்கினால் நீங்கள் சொல்லும் 5.9 கணக்கு ஓரளவு பொருந்தும். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சலுகையே கிடையாது.

வட்டியை யாரும் முன்னாடியே எடுப்பதில்லை. அந்த மாதம் நிற்கிற பாக்கிக்குத்தான் வட்டி. முதலில் பாக்கி பெரிது, அதனால் வட்டி பெரிதாகத் தெரிகிறது. 1 லட்சம் அடைத்தால் இரண்டாம் வருஷத்திலும் 8,500 மிச்சம், பன்னிரண்டாம் வருஷத்திலும் 8,500தான். அபராதம் எதுவும் இல்லை, மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அதை ரிசர்வ் வங்கி 2012லேயே நிறுத்திவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்து அக்கா

கணக்கு சரிதான், ஆனால் நாங்கள் பட்டது வேறு. இருந்த சேமிப்பையெல்லாம் வழித்து 7 லட்சம் கட்டினோம். ஐந்தாவது மாதம் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. கட்டிய பணத்திலிருந்து கொஞ்சம் டாப்-அப் கேட்டால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொண்டு வா என்கிறார்கள், அதுதான் இல்லையே! இவ்வளவு கட்டியிருக்கிறோமே என்றாலும் அடுத்த மாத இஎம்ஐ நிற்கவில்லை. என் நான்கு வளையல் அடகுக்குப் போனது. திருச்சிக்காரர் அண்ணாவுக்கு எஃப்டியால் மாதம் 1,500 போல நஷ்டம். அந்த 1,500ஐ நான் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

புல்மார்க்கெட்

ஏன் எஃப்டி? இன்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள், 12% வரும்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

வரலாம், வராமலும் போகலாம். அவர் கேட்டது உறுதியான 8.5ஐ விட்டுவிட்டு உறுதியான 7ஐ எடுக்கலாமா என்பது. அக்கா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். ஆறு மாத இஎம்ஐயும் வீட்டுச் செலவும் தனியாக இருக்கட்டும், அதற்கு வட்டியே பார்க்காதீர்கள். ஓவர்டிராஃப்ட் மாதிரி வீட்டுக்கடனும் உண்டு, அதிகப்படியாகப் போட்ட பணத்தைத் தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம், ஆனால் வட்டி கொஞ்சம் கூட இருக்கும்.

திருச்சிக்காரன்

அதைக் கேட்டுப் பார்த்தேன் சார். மாற்றக் கட்டணம், அதோடு கால் சதவீதம் கூடுதல் வட்டி, அதுவும் 25 லட்சம் முழுவதற்கும். வருஷம் 6,000க்கு மேல் வருகிறது. அடுத்த சீட்டு தை மாதம் விழும், 3 லட்சம். வீட்டில் அதைத் தொடக்கூடாது என்கிறாள், நான் இன்னும் எக்செல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.