புதுப்பிப்பு: கர்ப்பத்தில் தைராய்டு மாத்திரை, 28ஆம் வாரம்

முன்பு இங்கே கேட்டது: "ஆறு வாரக் கர்ப்பம். தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் சாப்பிடுகிறேன், டிஎஸ்எச் 5.8 வந்திருக்கிறது. மாத்திரையைக் கூட்டினால் குழந்தைக்கு ஆகாதா?"

கூட்டத்தான் வேண்டியிருந்தது; தைராய்டு ஹார்மோன் போதாதபோதுதான் டிஎஸ்எச் ஏறும். மருத்துவர் அன்றே வாரத்திற்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரையாக்கினார். நான்கு வாரம் கழித்தும் டிஎஸ்எச் 3.4 இருந்ததால் தினம் 112 மைக்ரோகிராம் ஆக்கினார். 16ஆம் வாரத்தில் 1.9 வந்தது.

பன்னிரண்டு வாரத்தில் குழந்தையின் தைராய்டே வேலை செய்யும், பிறகு கவலையில்லை என்று அப்போது ஒருவர் பதில் எழுதியிருந்தார். அது பாதி சரி. சுரப்பி அப்போது தொடங்கினாலும், பாதிக் கர்ப்பம்வரை மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனையே குழந்தை பெரிதும் நம்பியிருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். கர்ப்பத்தில் தன் மாத்திரையைக் குறைத்ததாக இன்னொரு பதிலில் எழுதிய சகோதரிக்கு இருந்தது மிகைத் தைராய்டு. அவருடைய மருந்தே வேறு.

24ஆம் வாரத்தில் டிஎஸ்எச் திடீரென 4.2 ஆனபோது அளவைத்தான் மறுபடி கூட்ட வேண்டும் என்று நினைத்தேன். இங்கே எழுதிய மருந்தாளுநர் அக்கா மட்டும், "இரும்புச்சத்து மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?" என்று கேட்டார். தைராக்சின் போட்ட அரை மணி நேரத்தில், காலை இட்லியோடு அதையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்; இரும்பும் கால்சியமும் தைராக்சினைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். மருத்துவரிடம் சொன்னேன், அளவை மாற்றாமல் இரும்பை இரவுக்குத் தள்ளச் சொன்னார். நேற்று 2.2.

பிரசவத்துக்குப் பின் பழைய 75க்கே திரும்பி, ஆறு வாரத்தில் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறதா என்ற பரிசோதனையும் தேவையா என்பதில் இரு மருத்துவர்கள் இன்னும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.