வெள்ளை வானத்தை மாற்றினால் முடியோரம் வெளுக்கிறது: மாஸ்க்கா, Multiply-யா?

பனையோலை:
கொல்லங்கோடு வயலில் ஆனி மாதம் எடுத்த ஜோடிப் படம். அன்று முழுக்க மூடிய வானம், ஒரே வெள்ளை. பின்னால் நெல்லியாம்பதி மலை மங்கலாகத் தெரிகிறது. பெண் முடியை விரித்துவிட்டு மல்லிகைச் சரம் வைத்திருக்கிறார், கசவுப் புடவை. வீட்டார் மாலை வெயில் வானம் கேட்கிறார்கள். வைத்துப் பார்த்தேன், முடியைச் சுற்றி வடிகஞ்சி காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மாஸ்க்கை உள்ளே தள்ளினால் பிசிறு முடி எல்லாம் போய்விடுகிறது. முடியோரத்து வெளிச்சமும் நிறமும் வானத்தோடு எப்படிச் சேரும்?

எல்லைக்கடை:
போட்டோஷாப்பில் Edit > Sky Replacement போங்க. Lighting Mode-ஐ Multiply-க்கு மாற்றி Edge Lighting-ஐ நகர்த்திக்கொண்டே பாருங்கள், கோடு குறையும். மீதி இருந்தால் Select and Mask-க்குள் Decontaminate Colors. நான் மூன்று வருடமாக எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படித்தான் செய்கிறேன், ஒரு படத்துக்கு பத்து நிமிடம். கையால் மாஸ்க் வரைகிற காலம் போய்விட்டது.

வாளையாறு ரீடச்:
மாப்பிள்ளையின் வெட்டிய முடிக்கு அது போதும். விரித்த முடிக்குப் போதாது. ஏன் என்று எண்ணை வைத்தே சொல்கிறேன், தம்பி.

கருப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில் உங்கள் படத்தில் வானம் 235 அளவில் இருக்கும், முடியின் உட்பக்கம் 30 அளவில் இருக்கும் என்று வையுங்கள். முடி நுனி ஒரு பிக்சலை விட மெல்லியது. அந்த பிக்சலில் பாதி முடி, பாதி வானம், அதனால் அது 132 ஆகிவிடுகிறது. பழைய வெள்ளை வானம் அதற்குள்ளேயே கலந்திருக்கிறது. இப்போது 150 வெளிச்சமுள்ள புது வானத்தை வைத்து, அந்த இடத்தில் மாஸ்க்கைப் பாதியாக வைத்தால் 132-இல் பாதியும் 150-இல் பாதியும் சேர்ந்து 141 வரும். உண்மையில் வர வேண்டியது 30-இல் பாதியும் 150-இல் பாதியும், அதாவது 90. அந்த 50 வித்தியாசம்தான் நீங்கள் பார்க்கிற கஞ்சிக் கோடு. மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது போகாது, ஏனென்றால் தப்பு மாஸ்க்கில் இல்லை, பிக்சலுக்குள் இருக்கிறது.

அதே வானத்தை மாஸ்க் இல்லாமல் Multiply முறையில் முடி மேல் போடுங்கள். 132 × 150 ÷ 255 = 78. கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்துவிட்டது. வானத்துக்கு அடியில் ஒரு Levels லேயர் வைத்து வெள்ளை முனையை 235-க்கு இழுத்தால் பழைய வானம் 255 ஆகும், நுனி 84-க்கு வரும், புது வானமும் மங்காமல் 150-ஆகவே நிற்கும். மூடிய வானம் என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். கருப்பு முடிக்குப் பின்னால் இருக்க அதைவிட நல்ல வானம் கிடையாது.

கொல்லங்கோட்டுக்காரன்:
அந்த வயல் எனக்குத் தெரியும். இடவப்பாதி மழைக்காலத்தில் அங்கே மத்தியானம் போனால் இப்படித்தான் இருக்கும். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஒரு பிளாஷ் நிறுத்தி, அதன் மேல் ஆரஞ்சு ஜெல் ஒட்டியிருந்தால் முடியில் அசல் வெளிச்சம் விழுந்திருக்கும். இதெல்லாம் வேண்டியதே இல்லை. என் அனுபவத்தில் பிளாஷை 1/8-இல் வைத்தாலே போதும்.

பனையோலை:
அண்ணா, படம் எடுத்தாகிவிட்டது. பெண் திருமணமாகி ஊருக்கே போய்விட்டார்.

எல்லைக்கடை:
அக்கா சொன்ன மாதிரி Multiply போட்டுப் பார்த்தேன், என்னிடம் இருந்த இதே மாதிரி ஒரு படத்தில். முடி நன்றாக வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மல்லிகைப்பூ கனகாம்பரம் ஆகிவிட்டது! முகத்தில் ஆரஞ்சு, கசவிலும் ஆரஞ்சு. இதைத் திருத்த மறுபடியும் மாஸ்க்தானே வரைய வேண்டும்? அப்புறம் என்ன லாபம்?

வாளையாறு ரீடச்:
மாஸ்க் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடி நுனியில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாஸ்க் எங்கே முடிய வேண்டும் என்பதுதான் விஷயம்.

வான லேயரின் மாஸ்க்கில் முகம், கழுத்து, புடவை எல்லாம் கருப்பு. வானமும் பிசிறு முடியும் வெள்ளை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை முடியின் அடர்ந்த கருப்புக்குள்ளே ஓட வேண்டும், ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே. அங்கே 30-ஐ 150-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 18 வரும். 30-க்கும் 18-க்கும் இடையே உள்ள கோடு கண்ணுக்குத் தெரியாது. மென்மையான பெரிய பிரஷ் வைத்து இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடலாம். Levels லேயருக்கும் இதே மாஸ்க்கை நகல் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் முகம் வெளுத்துவிடும்.

பூ வேறு கதை. வெள்ளை வானத்துக்கு முன்னால் வெள்ளைப் பூ இருக்கும்போது நீலச் சேனலை எடுத்து மாஸ்க் செய்கிற பழைய வழியும் தோற்கும், Multiply-யும் தோற்கும், Sky Replacement பூவையே வானம் என்று நினைத்து ஓட்டை போடும். ஆனால் பூவிதழுக்கு முடி மாதிரிப் பிசிறு இல்லை, ஓரம் கெட்டியானது. பேனா கருவியால் வானத்தைத் தொடுகிற இதழ்களை மட்டும் சுற்றி வரைந்து, ஒரு பிக்சல் மென்மை கொடுத்து மாஸ்க்கில் கருப்பாக நிரப்புங்கள். உச்சிச் சரத்தில் வானத்தைத் தொடுவது பத்துப் பன்னிரண்டு மொட்டுதான் இருக்கும்.

Decontaminate Colors பற்றி: அது ஓரத்து நிறத்தை எடுத்துவிட்டுப் பக்கத்தில் முழுதாகத் தேர்வான இடத்தின் நிறத்தைப் பூசுகிறது. முடியில் அப்படிச் செய்தால் நுனியெல்லாம் ஒரே கருப்பாகி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய மாதிரி தடித்துப் போகும்.

கொழிஞ்சாம்பாறை ஆல்பம்:
இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி என்னிடம் இருந்த ஒரு அறுபதாம் கல்யாணப் படத்தில் முயன்றேன். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நரைத்த முடி, பின்னால் மூடிய வானம். அம்மாவின் முடி அப்படியே வானத்தோடு கரைந்துபோனது. என்ன செய்வது?

வாளையாறு ரீடச்:
நரைக்கு இது ஆகாது. முடி வானத்தைவிடக் கருப்பாக இருந்தால்தான் Multiply வேலை செய்யும். 200 அளவுள்ள நரையும் 235 அளவுள்ள வானமும் கலந்த நுனியில் பிரித்தெடுக்கவே ஒன்றுமில்லை. நான் அந்த மாதிரிப் படங்களில் தலைக்குப் பின்னால் வானத்தை வெளிறியதாகவே விட்டு, நிறத்தை மேலேயும் ஓரத்திலும் மட்டும் கொண்டுவருவேன். வேறு யாருக்காவது நல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள், எனக்கும் வேண்டும்.

பனையோலை கேட்ட இன்னொரு பாதி, முடியோர வெளிச்சம். வெள்ளைக் கோடு போனதும் இந்தப் பிரச்சினை வெளியே வரும். மூடிய வானத்தில் வெளிச்சம் மேலிருந்து வருகிறது. அதனால் பெண்ணின் உச்சந்தலையில் சாம்பல் கலந்த ஒரு மினுக்கம் இருக்கும். அந்த மினுக்கம் பழைய வானத்தின் பிரதிபலிப்பு. வானம் ஆரஞ்சாகி மினுக்கம் சாம்பலாகவே இருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஒட்டவைத்த படம் என்று பட்டுவிடும்.

ஒரு புது லேயர், Color முறை. தலைக்கு நேர் மேலே உள்ள வானத்தில் நிறத்தை எடுத்து, 25 சதவீதத்தில் மினுக்கத்தின் மேல் பூசுங்கள். Color முறை வெளிச்சத்தைத் தொடாது. அதனால் கருங்கூந்தல் கருப்பாகவே இருக்கும், மினுக்கம் மட்டும் நிறம் வாங்கும். கொஞ்சம் வெளியே வழிந்தாலும் தெரியாது. கன்னத்து மேல்பக்கத்திலும் தோளிலும் இதில் பாதி அளவு கொடுக்க மறக்காதீர்கள்.

ஓர வெளிச்சம் வரைய வேண்டுமென்றால் Screen முறையில் இன்னொரு லேயர், 2 பிக்சல் பிரஷ், 15 சதவீதம், முடி வளர்கிற திசையில், விட்டுவிட்டு. வானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் மட்டும். தலையைச் சுற்றி முழுக்க வரைந்தால் சாமி படத்து ஒளிவட்டம் ஆகிவிடும்.

ஆனால் நானாக இருந்தால் மாலை வெயில் வானத்தையே வைக்க மாட்டேன். சூரியன் பின்னால் தாழ இருந்தால் காது மடல் சிவக்க வேண்டும், கழுத்தோரம், புடவைத் தலைப்பு, மாப்பிள்ளையின் தோள், நெற்கதிர் நுனி எல்லாவற்றிலும் கோடு விழ வேண்டும். முகம் இருள வேண்டும். இந்தப் படத்தில் முகம் முழுக்க ஒரே சீராக, மென்மையாக இருக்கிறது. முடிக்கு மட்டும் சூரியன் வரைந்து பயனில்லை. மழை விட்டு மேகம் பிரிந்த வானம், சூரியன் மறைந்தது, அடிவானத்தில் லேசான மஞ்சள். அது அந்த முகத்துக்குப் பொருந்தும்.

எல்லைக்கடை:
இந்த இடத்தில்தான் அக்காவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. கேட்டது வீட்டார். அவர்கள் காது மடலைப் பார்ப்பதில்லை, வரவேற்பறையில் மாட்டும்போது வானம் பளிச்சென்று இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆரஞ்சு வேண்டும் என்றவருக்கு மேகத்தைக் கொடுத்தால், சொன்னதைக் கேட்கவில்லை என்பார்கள். மேகம் கொஞ்சம் மறைத்த சூரியன், படத்துக்கு வெளியே இடது பக்கம் என்று வைத்துக்கொண்டால் முகம் மென்மையாக இருப்பதற்கும் காரணம் கிடைத்துவிடும் இல்லையா?

வாளையாறு ரீடச்:
சூரியனை படத்துக்கு வெளியே தள்ளுவது நல்ல யோசனை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இடது கன்னத்துக்கும் வலது கன்னத்துக்கும் வித்தியாசம் வேண்டும், அது இந்தப் படத்தில் இல்லை.

பனையோலை:
செய்து பார்த்தேன். வெள்ளைக் கோடு போய்விட்டது, பிசிறு முடி ஒன்றுகூட குறையவில்லை. பின்னால் இருந்த பனைமர ஓலைக்கும் அதே Multiply பிடித்துக்கொண்டது, தனியாக எதுவும் செய்யவில்லை. மலை மேல் மூட்டத்திலும் வானத்தின் நிறம் ஏறியது, அது நன்றாகவே இருந்தது, விட்டுவிட்டேன். பூவுக்கு பேனாவால் பதினான்கு மொட்டு வரைந்தேன்.

இரண்டு இடத்தில் தடுமாறினேன். வானப் படம் கூர்மையாக இருந்ததால் மலைக்குப் பின்னால் ஒட்டவில்லை; மலை எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கலாக்கினேன். இரண்டாவது, ஓர வெளிச்சத்தை 200 சதவீதத்தில் பெரிதாக்கி வைத்து வரைந்ததால் அளவு தெரியாமல் அதிகமாகிவிட்டது. 12×36 ஆல்பம் தாளில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்ததும் கோடு கோடாகத் தெரிந்தது. லேயரைப் பாதியாகக் குறைத்தேன்.

மழை விட்ட வானம் ஒன்று, வெளியே சூரியன் வைத்த ஆரஞ்சு ஒன்று, இரண்டும் தயார். ஆரஞ்சில் இடது கன்னத்தை Curves வைத்துக் கொஞ்சம் ஏற்றினேன், ஆனால் மூக்கின் நிழல் இல்லாமல் அது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகிறேன்.

கொழிஞ்சாம்பாறை ஆல்பம்:
என் நரைமுடிப் படத்தில் வானத்தை வெளிறவிட்டு வைத்தேன். அம்மாவின் முடி திரும்ப வந்துவிட்டது. ஐயாவின் வழுக்கை ஓரத்தில் மட்டும் இன்னும் ஒரு கோடு இருக்கிறது. அது முடியா, தோலா என்று எனக்கே தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.