கலைச்சொல்: ‘ஏர்-ஃப்ளூயிட் லெவல்’

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் மாணவிகளுக்காக வயிற்று எக்ஸ்ரே பாடம் எழுதுகிறேன். ‘ஏர்-ஃப்ளூயிட் லெவல்’ என்பதை ‘அடைப்புக்கோடு’ என்று எழுதிவிட்டேன். குடல் அடைத்தால்தானே அந்தக் கோடு தெரிகிறது?
— மொழிபெயர்ப்பாளர்

ஐயா, அந்தச் சொல் வேண்டாம். கடும் வயிற்றுப்போக்கிலும், அறுவைக்குப் பின் குடல் அசையாமல் கிடக்கும்போதும் இதே கோடு வரும். பெயரே நோயைச் சொல்லிவிட்டால் மாணவி மேற்கொண்டு பார்க்கமாட்டாள். குடலுக்குள் மேலே காற்று, கீழே நீர்; இரண்டும் சந்திக்கும் மட்டம் அது. நிற்கவைத்து எடுத்தால் தெரியும், மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் தெரியாது. ‘வளிநீர்மட்டம்’ எனலாமே.

அண்மையில் 58 வயது அம்மா ஒருவர் வந்தார். முன்பே கர்ப்பப்பை எடுத்தவர். இரண்டு நாளாக விட்டுவிட்டு வலி, வாந்தி. படுக்கவைத்த படத்தில் நடுவயிற்றில் 4 செ.மீ. அகலச் சுருள்கள். சிறுகுடல் 3 செ.மீ. தாண்டினாலே வீக்கம்தான். மடிப்புகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை குறுக்கே ஓடின, அதனால் சிறுகுடல் என்று தெரிந்தது. பெருங்குடலில் அவை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். மலக்குடலில் காற்றே இல்லை. நிற்கவைத்தபோது பல மட்டங்கள். இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் அடைப்பு என்று சந்தேகித்தோம்.
— கதிரியல் மருத்துவர்

‘வளி’ என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது. ‘காற்றுநீர் மட்டம்’ என்றே வையுங்கள். மட்டம் இல்லையென்றால் அடைப்பும் இல்லை, அல்ட்ராசவுண்ட் போதும் என்று ஒரு வரி சேர்க்கலாம். கதிர்வீச்சு மிச்சம்.
— எக்ஸ்ரே நுட்பர்

என் 9 வயது மகளுக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி. அல்ட்ராசவுண்ட் மட்டும்தான் எடுத்தார்கள். சி.டி. கேட்டிருக்க வேண்டுமா?
— ஒரு தாய்

அம்மா, அவர்கள் செய்தது சரிதான். குழந்தைக்குக் குடல்வால் சந்தேகமென்றால் முதலில் அல்ட்ராசவுண்ட்தான். கர்ப்பிணிக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் அப்படியே.

நுட்பரே, அந்த வரியைச் சேர்க்காதீர்கள். சுருள் முழுக்க நீரே நிறைந்தால் காற்று இராது, மட்டமும் இராது, அடைப்பு இருக்கும். கைதேர்ந்தவர் அல்ட்ராசவுண்டில் வீங்கிய சுருளையும் நீர் முன்னும் பின்னும் அலைவதையும் பார்ப்பார். ஆனால் காற்று நடுவில் வந்தால் அதற்குப் பின்னால் எதுவும் தெரியாது. எங்கே அடைத்தது, ஏன், ரத்த ஓட்டம் நின்றதா என்பதற்கு, சிறுநீரகம் இடம்கொடுத்தால், ஊசிவழி மருந்து ஏற்றிய சி.டி. வேண்டும். அந்த அம்மாவுக்கு விரிந்த குடல் ஓரிடத்தில் சட்டென்று ஒடுங்கியிருந்தது. அங்கே கட்டியோ குடலிறக்கமோ இல்லை. பழைய அறுவையின் ஒட்டுத்திசு என்று ஊகித்தோம். அது படத்தில் நேராகத் தெரிவது அரிது.
— கதிரியல் மருத்துவர்

‘காற்றுநீர் மட்டம்’ என்றே வைக்கிறேன். அந்த இடத்துக்கு, ‘ட்ரான்சிஷன் பாயின்ட்’டுக்கு, ‘சுருங்குமிடம்’ சரியா?
— மொழிபெயர்ப்பாளர்

குடல் இயல்பாகவே சுருங்கி விரியும். அதையும் இதையும் மாணவிகள் குழப்பிக்கொள்வார்கள். ‘ஒடுங்குமிடம்’?
— எக்ஸ்ரே நுட்பர்

அதற்குக் கீழே உள்ள குடல் முழுதுமே ஒடுங்கித்தான் கிடக்கும். மாறுகிற அந்த ஓர் இடத்தை மட்டும் சுட்டும் சொல் யாரிடமாவது உண்டா?
— கதிரியல் மருத்துவர்